அறிவிப்பில் ‘பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை’, ‘அடுத்த வெள்ளிக்குள்’: எப்படி எழுதினால் எல்லோருக்கும் ஒரே நாள் புரியும்?

கேள்வி: எங்கள் நூற்பாலையில் ஆங்கிலத்தில் வரும் அறிவிப்பைத் தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டுவது என் வேலை. ‘ஃபார்ட்நைட்லி’ சனிக்கிழமை பராமரிப்பு, நைட் ஷிப்டுக்கும் பொருந்தும், படிவத்தை ‘பை நெக்ஸ்ட் ஃபிரைடே’ கொடுக்க வேண்டும் என்று வந்தது. ‘பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை’, ‘அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்’ என்று எழுதினேன். ஆளுக்கு ஒரு நாளாகப் புரிந்துகொண்டார்கள். சரியான தமிழ்ச் சொல் எது?

பதில்:

நீங்கள் எழுதிய இரண்டு தொடர்களும் நல்ல தமிழ்தான். அவற்றைவிடச் சிறந்த சொல்லைத் தேடினாலும் இந்தக் குழப்பம் தீராது. உங்களிடம் வந்த ஆங்கில வரைவிலேயே நாள் முடிவு செய்யப்படவில்லை. எழுதியவர் மனத்தில் ஒரு தேதி இருந்திருக்கலாம், தாளில் அது இல்லை. எனவே உங்கள் முதல் வேலை, வரைவை அனுப்பியவரிடம் “எந்தெந்தத் தேதிகள்?” என்று கேட்டு வாங்குவது. ஆலைகளின் டைம் ஆபீஸிலும் பணியாளர் பிரிவிலும் பல ஆண்டுகள் இருந்து, ஷிப்ட் அட்டவணைகளையும் அறிவிப்புகளையும் தமிழில் எழுதி வந்தவன் என்ற முறையில், இந்த மூன்று இடங்களிலும் என்ன நடக்கிறது என்பதை உங்கள் அறிவிப்பையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அது 2026 மார்ச் 4, புதன்கிழமை அன்று ஒட்டப்பட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ‘ஃபார்ட்நைட்லி’. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் பொருளில் ஐயமில்லை; பதினான்கு நாள், அதாவது சரியாக இரண்டு வாரம். ஆனால் நம் ஊர் அலுவலகங்களில் அதை எழுதுபவர்கள் எல்லோரும் அந்தப் பொருளில் எழுதுவதில்லை. மாதத்தில் இரண்டு முறை என்ற பொருளிலும் எழுதுகிறார்கள். தமிழுக்கு வரும்போது மூன்றாவது பொருளும் சேர்ந்துகொள்கிறது, ஏனென்றால் ‘பதினைந்து நாள்’ என்பதை நாம் இரண்டு விதமாக எண்ணுகிறோம். திங்கட்கிழமையன்று ஒருவரிடம் “எட்டாம் நாள் வா” என்று ஊரில் சொன்னால் அவர் அடுத்த திங்கட்கிழமை வந்து நிற்பார். இன்றைய நாளையும் ஒன்றாக எண்ணுவது நம் பழைய வழக்கம். அந்தக் கணக்கில் மார்ச் 14 சனிக்கிழமைக்குப் பதினைந்தாம் நாள் மார்ச் 28 சனிக்கிழமை. உங்கள் ஆலையின் மூத்த தொழிலாளி இப்படித்தான் படித்திருப்பார். அவருக்கு அறிவிப்பில் எந்தச் சிக்கலும் தெரிந்திருக்காது. ஆனால் கைபேசி நாட்காட்டியில் மார்ச் 14 உடன் பதினைந்தைக் கூட்டிப் பார்க்கும் இளைஞருக்கு மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதற்கு அடுத்தது ஏப்ரல் 13, திங்கட்கிழமை. அறிவிப்பில் ‘சனிக்கிழமை’ என்றும் இருப்பதால் அவர் குழம்பி, தனக்குத் தோன்றிய ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொள்வார்.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது ‘இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை’ என்பதற்கும் ‘மாதம் இருமுறை’ என்பதற்கும் உள்ள வேறுபாடு, ஏனென்றால் இது உடனே வெளிப்படாது. வங்கிகளுக்கு 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை என்பதால் ‘மாதத்தில் இரண்டு சனிக்கிழமை’ என்றாலே பலருக்கும் இந்த இரண்டும்தான் நினைவுக்கு வருகின்றன. மார்ச் 14 இரண்டாம் சனிக்கிழமை. அன்று தொடங்கி ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று போனால் மார்ச் 14, 28, ஏப்ரல் 11, 25, மே 9, 23 என்று வரும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை என்று எண்ணினாலும் அதே ஆறு நாட்கள்தாம் வரும். மூன்று மாதங்கள் ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் எழாது. ஆனால் 2026 மே மாதத்தில் ஐந்து சனிக்கிழமைகள் இருக்கின்றன. எனவே மே 23-க்குப் பிறகு இரண்டு வாரக் கணக்கில் ஜூன் 6 வருகிறது. இரண்டாம் சனிக்கணக்கில் ஜூன் 13. ஜூன் 6 அன்று பராமரிப்புக் குழு ஸ்பின்னிங் ஃபிரேம்களைக் கழற்றத் தயாராக வந்து நிற்க, ஓட்டுவதற்கு ஆட்களும் முழு எண்ணிக்கையில் வந்து நிற்பார்கள். மூன்று மாதம் ஒழுங்காக நடந்த ஒன்று திடீரென ஏன் பிசகியது என்று அப்போது யாருக்கும் விளங்காது. அறிவிப்பு எழுதியவரை யாரும் சந்தேகிக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் அந்தத் தாள் எழுதப்பட்டு நாளாகிவிட்டது.

பணம் சேர்ந்த இடத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை என்றால் ஆண்டில் 26 முறை. மாதம் இருமுறை என்றால் 24 முறை. முன்பணத்தில் ஒவ்வொரு தடவையும் 500 ரூபாய் பிடிப்பது என்றால் ஆண்டில் 13,000 ரூபாயா 12,000 ரூபாயா என்பது இந்த ஒரு சொல்லைப் பொறுத்தது. எனவே பராமரிப்பானாலும் பிடித்தமானாலும், முறையைச் சொல்லும் சொல்லோடு நிறுத்தாமல் தேதிகளையும் எழுதிவிடுங்கள். ‘இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, சனிக்கிழமையன்று, முதல் நாள் மார்ச் 14’ என்பது குறைந்த அளவு. முதல் நாள் இல்லாமல் ‘இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை’ என்று மட்டும் எழுதினால், எந்த வாரத்திலிருந்து எண்ணுவது என்பது தெரியாது. பாதிப் பேர் மார்ச் 7-லிருந்தும் பாதிப் பேர் மார்ச் 14-லிருந்தும் எண்ணினால் இருவரும் ஒருபோதும் சந்திக்க மாட்டார்கள்.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பேச்சில் ‘ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்’ என்பது தெளிவான தொடர். அதை அறிவிப்பிலும் எழுதலாம். ஆனால் ‘இரண்டு வாரம் விட்டு’ என்று எழுதிவிடாதீர்கள். இடையில் இரண்டு வாரம் விட்டுப்போனால் மூன்றாவது வாரத்தில் அல்லவா முறை வரும்? ‘இரண்டு வாரத்துக்கு ஒருமுறை’ என்று சொல்ல வந்தவர்கள் அவசரத்தில் ‘இரண்டு வாரம் விட்டு ஒருமுறை’ என்று எழுதியதை நான் பல பலகைகளில் கண்டிருக்கிறேன். அதேபோல் ‘வாரம் இருமுறை’யும் ‘இருவாரம் ஒருமுறை’யும் எழுத்தில் நெருக்கமாக இருப்பவை, விரைந்து படிப்பவர் கண்ணில் இரண்டும் ஒன்றாகிவிடும். ‘இருவாரம்’ என்ற சுருக்கத்தைத் தவிர்த்து ‘இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை’ என்று விரித்தே எழுதுவது நல்லது.

அடுத்தது வெள்ளிக்கிழமை. இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் கலந்திருக்கின்றன. எந்த வெள்ளி என்பது ஒன்று. அந்த வெள்ளி உள்ளே சேர்த்தியா இல்லையா என்பது மற்றொன்று. மார்ச் 4 புதன்கிழமையன்று ‘அடுத்த வெள்ளிக்கிழமை’ என்றால், வரப்போகும் முதல் வெள்ளியான மார்ச் 6 என்று சிலரும், ‘வருகிற வெள்ளி’ போக அதற்கு அடுத்ததான மார்ச் 13 என்று சிலரும் கொள்வார்கள். நான் வேலை பார்த்த கொங்குப் பகுதி ஆலைகளில் ‘வர்ற வெள்ளி’ என்றால் நெருங்கி வரும் வெள்ளி, ‘அடுத்த வெள்ளி’ என்றால் அதற்கடுத்தது என்று வேறுபடுத்திப் பேசியவர்கள்தாம் மிகுதி. ஆனால் இது எல்லா ஊர்களுக்கும் பொருந்தும் என்று நான் உறுதிசொல்ல மாட்டேன். உங்கள் ஆலையில் வேறு மாவட்டத்தவர்களும் வெளிமாநிலத்தவர்களும் இருந்தால், வழக்கை நம்பி எழுதவே கூடாது. ‘அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை’ என்றால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதிலும் ஞாயிற்றுக்கிழமை ஒட்டப்படும் அறிவிப்பு சிக்கலுக்கு உரியது. வாரம் ஞாயிறன்று தொடங்குகிறது என்பவருக்கு அது புது வாரத்தின் முதல் நாள், திங்களன்று தொடங்குகிறது என்பவருக்குப் பழைய வாரத்தின் கடைசி நாள். இருவருக்கும் ‘அடுத்த வாரம்’ வேறு வேறு.

பேச்சில் பெரிதாகத் தெரியாத இன்னொரு குறை, பலகையில் ஏறும்போது பெரிதாகிறது. பேசுபவரும் கேட்பவரும் ஒரே நாளில் இருக்கிறார்கள். அறிவிப்பை எழுதியவரும் படிப்பவரும் அப்படி இல்லை. விடுப்பு முடிந்து மார்ச் 9 திங்கட்கிழமை வேலைக்கு வந்து பலகையைப் பார்ப்பவர், அன்றிலிருந்துதான் ‘அடுத்த வெள்ளி’யை எண்ணுவார், அவருக்கு அது மார்ச் 20 ஆகக்கூட இருக்கலாம். ‘நாளை’, ‘இன்று முதல்’, ‘இந்த வாரம்’, ‘அடுத்த மாதம்’ எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பலகையில் நாட்கணக்கில் தொங்கப்போகும் எந்தத் தாளிலும் இச்சொற்களுக்கு இடமில்லை என்பதை நான் விதிவிலக்கில்லாத விதியாகவே கொள்கிறேன். அறிவிப்பின் தலையில் தேதி இருக்கிறதே என்று சொல்லலாம். உண்மைதான், ஆனால் கூட்டத்தில் நின்று எட்டிப் படிப்பவர் தடித்த எழுத்தில் இருக்கும் வரியைத்தான் படிப்பார். மேல் மூலையில் இருக்கும் தேதியைப் பார்த்துக் கணக்குப் போட மாட்டார். இப்போதெல்லாம் அந்த வரியை மட்டும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள்; அதில் தேதி வருவதே இல்லை.

‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்பதில் உள்ள ‘-க்குள்’ பற்றி என் கருத்து இது. பெரும்பாலானோர் வெள்ளிக்கிழமையையும் சேர்த்தே புரிந்துகொள்கிறார்கள். ஆனால் வெள்ளி வருவதற்குள், அதாவது வியாழனோடு முடிந்துவிட வேண்டும் என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் படிப்பது தவறு என்று சொல்ல முடியாது. ‘வெள்ளிக்கிழமை வரை’ என்பது வெள்ளியைச் சேர்க்கும் என்பதில் ஐயம் குறைவு. ‘வெள்ளிக்கிழமைக்கு முன்’ என்பது வெள்ளியைச் சேர்க்காது என்பதிலும் ஐயம் குறைவு. இருந்தாலும் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ‘அன்று எத்தனை மணி வரை’ என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பொது ஷிப்டில் இருப்பவருக்கு மாலை 5 மணியோடு நாள் முடிகிறது. இரவு ஷிப்டுக்கு வருபவர் டைம் ஆபீஸ் பூட்டிய பிறகுதான் ஆலைக்குள் வருகிறார். மணியை எழுதிவிட்டால் இரண்டு கேள்விகளும் ஒன்றாகத் தீர்ந்துவிடும். ‘மார்ச் 13, வெள்ளிக்கிழமை மாலை 5 மணி வரை’ என்பதில் ‘வரை’யைப் பற்றியும் ‘-க்குள்’ளைப் பற்றியும் யாரும் விவாதிக்க இடமில்லை.

இனி நைட் ஷிப்ட். உங்கள் கேள்வியில் இதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் மூன்றிலும் அதிகத் தகராறு வருவது இதில்தான். சட்டத்தில் நாள் என்பது நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேரம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்த வரையறை அது. நம் பேச்சு வழக்கில் நாள் விடியலில்தான் மாறுகிறது. பஞ்சாங்கத்திலும் கிழமை சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. ஆகவே ‘வெள்ளிக்கிழமை இரவு 2 மணி’ என்று ஒரு தொழிலாளி சொன்னால், கடிகாரப்படி அது சனிக்கிழமை அதிகாலை 2 மணி. இதை அறியாமை என்று கொள்ளக் கூடாது. தூங்கி எழும் வரை ஒரே நாள் என்று வாழ்பவரின் சரியான கணக்கு அது.

இரவு 10 மணிக்குத் தொடங்கிக் காலை 6 மணிக்கு முடியும் ஷிப்ட் உங்கள் ஆலையில் இருந்தால் சிக்கல் ஓரளவுதான். வெள்ளி இரவு 10 மணிக்குத் தொடங்குவதை எல்லோரும் ‘வெள்ளி நைட்’ என்பார்கள். சட்டமும் அதற்கு இசைந்தே இருந்தது; மேற்சொன்ன சட்டத்தின் 57-ஆம் பிரிவு, நள்ளிரவைத் தாண்டி நீளும் ஷிப்டில் நள்ளிரவுக்குப் பின் செய்த வேலை நேரத்தை முந்தைய நாளோடு சேர்த்து எண்ணச் சொன்னது, அவருடைய முழுநாள் விடுமுறையையும் அந்த ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்று கணக்கிடச் சொன்னது. ஆனால் பல நூற்பாலைகளில் ஷிப்ட் 8-4, 4-12, 12-8 என்று ஓடுகிறது. அரை நைட், முழு நைட் என்று சொல்வார்களே, அந்த முறை. இங்கே முழு நைட் நள்ளிரவைத் தாண்டவில்லை, நள்ளிரவிலேயே தொடங்குகிறது. எனவே சட்டக் கணக்கில் அது புதிய நாளைச் சேர்ந்தது. தொழிலாளியோ முதல் நாள் இரவு சாப்பிட்டுவிட்டுப் பத்தரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். அவருக்கு அது முந்தைய நாளின் வேலை. மார்ச் 14 சனிக்கிழமை நள்ளிரவு 12 மணி ஷிப்ட் கிடையாது என்று எழுதினால், வெள்ளி இரவு கிளம்ப வேண்டாமா, சனி இரவு கிளம்ப வேண்டாமா என்று அவருக்குத் தெரியாது. ஒருவர் வராமல் சம்பளத்தை இழப்பார். இன்னொருவர் நள்ளிரவில் வந்து பூட்டிய கேட்டைப் பார்த்து நிற்பார். பெண் தொழிலாளர்களை ஏற்றிவரும் ஆலைப் பேருந்து எந்த இரவு போக வேண்டும் என்பதும் இதைப் பொறுத்தது.

இதற்கு எளிய தீர்வு உண்டு. இரவு ஷிப்டைக் குறிக்கும்போது கிழமைப் பெயரால் மட்டும் அழைக்காமல், தொடங்கும் நாளும் மணியும், முடியும் நாளும் மணியும் ஆகிய நான்கையும் எழுதுங்கள். ‘மார்ச் 13 வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தொடங்கி மார்ச் 14 சனிக்கிழமை காலை 6 மணிக்கு முடியும் ஷிப்ட்’ என்று எழுதினால் நீளம்தான், ஆனால் தவறாகப் படிக்க வழியில்லை. 12-8 முறை உள்ள ஆலைக்கு ‘மார்ச் 13 வெள்ளிக்கிழமை இரவு வந்து, மார்ச் 14 சனிக்கிழமை காலை 8 மணிக்கு முடிக்கும் முழு நைட்’ என்று, முடியும் பக்கத்தை அழுத்திச் சொல்வது மேல். காலை 8 மணி எந்த நாளைச் சேர்ந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ‘நள்ளிரவு 12 மணி’ என்பதைக் கடைசி நேரமாகவோ தொடக்க நேரமாகவோ தனியே எழுத வேண்டாம். கட்டாயம் வேண்டுமென்றால் இரவு 11:59 என்று எழுதுங்கள். அது எந்தத் தேதியின் முடிவு என்பது தெளிவு.

உங்கள் வரைவில் இல்லையென்றாலும் இதே பலகையில் அடிக்கடி வருவது ‘இந்த அறிவிப்புத் தேதியிலிருந்து 15 நாட்களுக்குள்’ என்பது. இதில் சட்டத்தின் வழி தெரிந்ததே. 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, மத்தியச் சட்டங்களில் ஒரு தேதியிலிருந்து என்று வந்தால் அந்தத் தொடக்க நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். மார்ச் 4 தேதியிட்ட அறிவிப்புக்கு அந்தக் கணக்கில் கடைசி நாள் மார்ச் 19; முன்பு சொன்ன நம் பழைய எண்ணுமுறையில் மார்ச் 18. அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு, நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ செய்ய வேண்டிய செயலுக்குக் கடைசி நாள் விடுமுறையாக இருந்தால், அடுத்து அலுவலகம் திறந்திருக்கும் நாளில் செய்தாலும் செல்லும் என்கிறது. 2026-இல் மார்ச் 19 தெலுங்கு வருடப் பிறப்பு. அரசு அலுவலகத்துக்கு விடுமுறை, உங்கள் ஆலைக்கு இல்லாமல் இருக்கலாம். இந்தப் பிரிவுகள் சட்டங்களுக்காக எழுதப்பட்டவை. ஆலை தானாக ஒட்டும் உள் அறிவிப்பைக் கட்டுப்படுத்துமா என்பது வழக்கறிஞர் சொல்ல வேண்டியது. ஆனால் கடைசித் தேதியையே எழுதிவிட்டால் அவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. ‘ஒரு மாதம்’ என்பதற்கும் ‘30 நாள்’ என்பதற்கும் அப்படியே. மூன்று மாதம் என்று சட்டம் சொன்னால் அது 90 நாள் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு நடுவர் தீர்ப்பு வழக்கில் சொல்லியிருக்கிறது.

இப்போது உங்கள் அறிவிப்பை எழுதிப் பார்ப்போம். அதிகாரியிடம் கேட்டதில் முதல் பராமரிப்பு மார்ச் 14 என்றும், முறை இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றும், அன்று காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை இயந்திரங்கள் நிற்கும் என்றும், ஷிப்ட் 6-2, 2-10, 10-6 என்றும் விடை வந்ததாகக் கொள்வோம். அப்போது தாளில் வர வேண்டியது இது: “இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை சனிக்கிழமையன்று பராமரிப்புப் பணி நடைபெறும். ஜூன் மாதம் முடிய உள்ள தேதிகள்: மார்ச் 14, மார்ச் 28, ஏப்ரல் 11, ஏப்ரல் 25, மே 9, மே 23, ஜூன் 6, ஜூன் 20. இந்தச் சனிக்கிழமைகளில் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை இயந்திரங்கள் ஓடாது. முந்தைய நாள் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தொடங்கிச் சனிக்கிழமை காலை 6 மணிக்கு முடியும் ஷிப்ட் வழக்கம்போல் நடைபெறும். சனிக்கிழமை இரவு 10 மணிக்குத் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு முடியும் ஷிப்டும் வழக்கம்போல் நடைபெறும். படிவங்களை 2026 மார்ச் 13, வெள்ளிக்கிழமை மாலை 5 மணி வரை டைம் ஆபீஸில் கொடுக்கலாம்.”

இப்படி எழுதிப் பார்த்தவுடன் ஒன்று தெரியவரும். 2 மணிக்கு வர வேண்டிய ஷிப்ட்காரர் 2 மணிக்கு வரவா, 6 மணிக்கு வரவா, அன்று அவருக்கு முழுச் சம்பளமா என்பதற்கு வரைவில் விடையே இல்லை. இரவு ஷிப்டில் வெள்ளி இரவு நடக்கிறதா என்பதும் நான் மேலே கற்பனையாக நிரப்பியதுதான். ‘ஃபார்ட்நைட்லி’, ‘நைட் ஷிப்டுக்கும் பொருந்தும்’ என்ற பொதுச் சொற்கள் அந்தக் கேள்விகளை இவ்வளவு நாள் மூடி வைத்திருந்தன. நீங்கள் அவற்றை அதிகாரியிடம் கொண்டுபோய்க் கேட்பது உங்கள் வேலையைத் தாண்டியது ஆகாது. பலகையில் ஒட்டிய பிறகு தொழிலாளர்கள் கேட்கப்போவதை முன்னதாக நீங்கள் கேட்கிறீர்கள்.

ஒட்டும் முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒன்று, ஒவ்வொரு தேதியையும் கிழமையையும் நாட்காட்டியில் வைத்து ஒப்பிடுவது. தேதியும் கிழமையும் சேர்ந்து இருப்பது படிப்பவருக்குப் பாதுகாப்பு, ஆனால் இரண்டும் பொருந்தாமல் போனால் எதை நம்புவது என்ற புதுக் குழப்பம் வரும்; போன ஆண்டின் தாளைத் திருத்தி எழுதும்போது தேதியை மாற்றிவிட்டுக் கிழமையை மறப்பது எங்கும் நடக்கிறது. மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுங்கள். கணினியில் மாதத்தை முன்னால் வைக்கும் அமைப்பு இருந்தால் 3-6 மார்ச் 6 ஆகவும் ஜூன் 3 ஆகவும் மாறி மாறித் தெரியும். மற்றொன்று, இரவு ஷிப்டிலிருந்து ஒருவரை அழைத்துத் தாளைக் கையில் கொடுத்து, “இதன்படி நீங்கள் எந்த நாள் வீட்டிலிருந்து கிளம்புவீர்கள்?” என்று கேட்பது. “புரிகிறதா?” என்று கேட்டால் எல்லோரும் புரிகிறது என்றே சொல்வார்கள், நாளைச் சொல்லச் சொன்னால்தான் உண்மை தெரியும்.

ஏற்கெனவே ஒட்டிய தாளைப் பேனாவால் திருத்த வேண்டாம். ‘மார்ச் 4, 2026 தேதியிட்ட அறிவிப்புக்குப் பதிலாக’ என்ற வரியோடு புதிய தாளை ஒட்டி, பழையதை எடுத்துக் கோப்பில் வையுங்கள். பழைய தாளைப் படித்துப் படிவம் கொடுக்கத் தாமதித்தவர்களுக்கு மார்ச் 6-ஐக் கெடுவாகக் கொண்டு மறுப்பது நியாயமாகாது. இரு பொருள்படும் ஒப்பந்தச் சொல்லை எழுதியவருக்குப் பாதகமாகக் கொள்வது ஒப்பந்தங்களைப் படிப்பதில் நெடுநாள் வழங்கிவரும் நெறி, இங்கும் அதே நெறியைப் பின்பற்றும்படி உங்கள் அதிகாரியிடம் சொல்லலாம். தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, சட்டப்படி வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டதால், நான் இங்கே தந்த பிரிவு எண்களை அப்படியே மேற்கோள் காட்டாமல், வேலை நேரம், வாராந்திர விடுமுறை, சம்பளம் தொடர்பான வரிகளை மட்டும் உங்கள் ஆலையின் சட்ட ஆலோசகரிடம் காட்டிவிட்டு ஒட்டுங்கள். ஆங்கிலத் தாளும் பக்கத்தில் தொங்குமென்றால் அதிலும் இதே தேதிகளை எழுதச் சொல்லுங்கள். தமிழில் மட்டும் தேதி இருந்து ஆங்கிலத்தில் ‘ஃபார்ட்நைட்லி’ அப்படியே நின்றால், ஜூன் 6 காலையில் இரண்டு தாள்களில் எது மூலம் என்ற கேள்வி எழும்.